ஒரே ஒரு டெஸ்ட்தான் ஓட்டினேன், அதற்கும் திட்டா?

கயல் | 3 மார்ச், இரவு 9.12

முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரத்தில் இருப்பது ஒரே ஒரு சோதனை. பி-மதிப்பு 0.034. என் மேற்பார்வையாளர் வரைவின் ஓரத்தில் "இது 5 விழுக்காட்டுச் சோதனை இல்லை. எத்தனை வழி இருந்தது?" என்று எழுதித் திருப்பிவிட்டார். இருபது சோதனை ஓட்டி ஒன்றைப் பொறுக்கியிருந்தால் திட்டு நியாயம். ஓட்டாத சோதனைக்கு எதற்குக் கணக்கு?

விவரம்: சிங்கப்பூரில் பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள் 60 பேர், எல்லாருக்கும் தமிழும் ஆங்கிலமும் தெரியும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தமிழ்ப் பத்தி, பாதிப் பேருக்கு ஆங்கிலப் பத்தி, பத்து நிமிட வாசிப்பு. உடனே கணினியில் ஸ்ட்ரூப். நீலம் என்ற சொல் சிவப்பு எழுத்தில் வரும், எழுத்தின் நிறத்துக்கான விசையை அழுத்த வேண்டும். சொல்லும் நிறமும் முரண்படும்போது கூடுதலாக எத்தனை மில்லி விநாடி பிடிக்கிறது என்பதுதான் அளவு, அதைத் தடுமாற்றம் என்கிறேன். தமிழ் வாசித்தவர்களுக்குத் தடுமாற்றம் 28 மில்லி விநாடி குறைவு.

மேடமும் இந்தக் குழுவில் இருக்கிறார். இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

பூன்லே ராஜா | 3 மார்ச், இரவு 9.40

60 பேர்தானே, அதான் பிரச்சினை. ஆள் எண்ணிக்கையைக் கூட்டுங்க, பொய் முடிவு தானா ஓடிடும்.

மேற்பார்வையாளர் | 3 மார்ச், இரவு 10.25

ராஜா சொன்னதில் பாதி சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

கயல், மூன்று கேள்வி, ஆம் அல்லது இல்லை போதும். ஒன்று: வயதைச் சேர்க்காமல் ஓட்டிப் பார்த்தாயா? இரண்டு: வரைவில் "ஒவ்வொருவரின் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கத்துக்கு அப்பால் போன விடைகள் நீக்கப்பட்டன" என்று இருக்கிறது. அந்த 2.5 எப்போது முடிவானது, தரவு கைக்கு வருவதற்கு முன்பா பின்பா? மூன்று: 60 என்ற எண்ணிக்கை முதலிலிருந்தே இருந்ததா? நெறிமுறைக் குழுவுக்குப் போன விண்ணப்பத்தில் 40 என்று படித்த ஞாபகம்.

கயல் | 3 மார்ச், இரவு 11.03

1. ஆம். 22 மில்லி விநாடி, பி 0.09.
2. பின்பு. எதையும் நீக்காமல் முதலில் பார்த்தேன், 0.14 வந்தது. சில விடைகள் நாலாயிரம் மில்லி விநாடிக்கு மேல், யாரோ தும்மியிருக்க வேண்டும். அதை வைத்துக்கொள்வது எப்படிச் சரி?
3. 40 பேரில் 0.08. போக்கு சரியாக இருந்ததால் திருத்த விண்ணப்பம் போட்டு இன்னும் 20 பேரைச் சேர்த்தேன். அனுமதியோடுதான் செய்தேன்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, மேடம். எதையும் விருப்பத்துக்கு வளைக்கவில்லை.

மேற்பார்வையாளர் | 4 மார்ச், காலை 7.10

காரணம் இருக்கிறது, நம்புகிறேன். நான் கேட்பது வேறு. எதையும் நீக்காத முதல் ஓட்டத்திலேயே 0.02 வந்திருந்தால் அந்தத் தும்மலைத் தேடிப் போயிருப்பாயா?

கயல் | 4 மார்ச், காலை 7.48

…மாட்டேன்.

மேற்பார்வையாளர் | 4 மார்ச், மதியம் 12.35

அவ்வளவுதான் விஷயம். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் முடிவு தேறியது என்கிறோம். அந்த 5 விழுக்காடு என்பது ஒரு செயல்முறைக்குக் கொடுக்கப்படும் உத்தரவாதம். உண்மையில் வித்தியாசமே இல்லாத உலகில் இதே ஆய்வை ஆயிரம் முறை செய்தால் சுமார் ஐம்பது முறைதான் "கிடைத்தது" என்று கத்துவோம் என்று அது சொல்கிறது. உன் செயல்முறையை அந்த ஆயிரம் உலகிலும் ஓட விடு. சில உலகில் முதல் ஓட்டத்திலேயே 0.03 வரும், அங்கே நிறுத்திவிடுவாய். மற்றவற்றில் வராது, நீண்ட விடைகளை நீக்குவாய், சிலவற்றில் அங்கே வரும். வராதவற்றில் வயதைச் சேர்ப்பாய். கடைசியில் ஒவ்வொரு உலகிலும் ஆய்வேட்டில் ஒரே ஒரு சோதனைதான் இருக்கும், ஒவ்வொரு உலகின் கயலும் "நான் ஒன்றுதான் எழுதினேன்" என்று சத்தியம் செய்வாள். கத்தியவர்களை எண்ணினால் ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

இதற்கு ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை. கெல்மன், லோக்கன் இருவரும் சொன்ன 'கிளைக்கும் பாதைகள்' இதுதான். ஒரு பாதையில்தான் நடந்திருப்பாய், ஆனால் எந்தப் பாதை என்பதைத் தரவு தேர்ந்தெடுத்தது. தரவு வேறாக இருந்தால் பாதையும் வேறாகியிருக்கும்.

தோ பாயோ மாமா | 4 மார்ச், மதியம் 1.20

எனக்குப் புள்ளியியல் தெரியாது, நாலு நம்பர் தெரியும். 4டி லாட்டரியில் ஒரு எண்ணை நேராக வாங்கினால் 10,000-ல் ஒன்று. ஒரு குலுக்கலுக்குப் பரிசு எண்கள் 23. முடிவு வந்த பிறகு ஒருத்தர் வந்து, "நான் 2319 நினைச்சேன், 9132 விழுந்துச்சு, அதே இலக்கம்தானே, கனவு பலிச்சிடுச்சு" என்பார். நாலு வேறு இலக்கத்துக்கு 24 வரிசை. எது விழுந்தாலும் பலித்தது என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பொண்ணு பண்ணியதும் இதுதானே?

மேற்பார்வையாளர் | 4 மார்ச், மதியம் 1.31

இதேதான், மாமா. கணக்கும் அழகாக வருகிறது. நேராக வாங்கினால் ஏதாவது ஒரு பரிசுக்கு வாய்ப்பு 0.23 விழுக்காடு. 24 வரிசையும் செல்லும் என்றால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கடையில் 24 வரிசையையும் சேர்த்து ஐ-பெட் வாங்கலாம், ஆனால் பரிசுத் தொகையை அதற்கேற்பச் சுருக்கிவிடுவார்கள். கயல் ஐ-பெட் வாங்கிவிட்டு நேர்ச் சீட்டின் பரிசைக் கேட்கிறாள்.

கயல் | 4 மார்ச், மதியம் 1.50

மாமா, 'அந்தப் பொண்ணு' இங்கேயேதான் இருக்கிறது :)

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு ஏறும்? 5 ஆறாகும், ஏழாகும். அதற்கு ஒரு அதிகாரத்தையே கழிக்க வேண்டுமா?

எண்காரர் | 4 மார்ச், இரவு 8.15

மருந்துச் சோதனைப் பக்கம் வேலை. மேடத்தின் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலாகக் கணக்கு இருக்கிறது. ஆர்மிடேஜும் கூட்டாளிகளும் 1969-ல் கணித்தது: சம இடைவெளியில் 2 முறை எட்டிப் பார்த்து ஒவ்வொரு முறையும் 0.05 என்ற கோட்டையே வைத்தால் பொய் நேர்மறை, அதாவது இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்வது, உண்மையில் 8.3 விழுக்காடு. 5 முறை பார்த்தால் 14.2. 10 முறை பார்த்தால் 19.3. பார்த்துக்கொண்டே போனால் எல்லையில்லை, என்றோ ஒரு நாள் கோட்டைத் தாண்டியே தீரும்.

இடையில் பார்க்கலாம், தப்பில்லை, முன்கூட்டியே சொல்லி விலை கொடுக்க வேண்டும். போக்காக் 1977-ல் கொடுத்த விதிப்படி இரண்டு சமப் பார்வைக்கு ஒவ்வொன்றிலும் 0.0294 என்ற கோடு. கயல், உங்கள் 0.034 அந்தக் கோட்டையும் தாண்டவில்லை. அதோடு அந்த விதியை இப்போது வந்து பின்தேதியிட்டுப் போட்டுக்கொள்ளவும் முடியாது.

செங்காங் சுபா | 4 மார்ச், இரவு 9.02

இதே எங்கள் ஆப்பிலும்! புதுப் பொத்தான் போட்டு இரண்டு வாரம் ஏ/பி சோதனை. டாஷ்போர்டு தினமும் பி-மதிப்பு காட்டும், பச்சையானதும் நிறுத்திவிடுவோம். ஆனால் எங்களிடம் ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கில் பயனர்கள், சின்ன சாம்பிள் பிரச்சினை எங்களுக்கு இல்லை. அப்படியென்றால் பாதிப்பு இல்லைதானே?

எண்காரர் | 4 மார்ச், இரவு 9.20

இருக்கிறது. மேலே சொன்ன 19.3-ல் ஆள் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். பத்து முறை பார்த்தால் நூறு பேராக இருந்தாலும் லட்சம் பேராக இருந்தாலும் அதே 19.3. பதினாலு நாள் தினமும் பார்த்தால் அதற்கும் மேல். பச்சையானதும் நிறுத்துவதுதான் வினை.

மேற்பார்வையாளர் | 4 மார்ச், இரவு 9.44

ராஜாவுக்குத் தர வேண்டிய பதிலும் அதுவே. பொய் நேர்மறையின் விகிதம் ஆள் எண்ணிக்கையால் குறையாது, கோடு 0.05-ல் இருக்கும்வரை அது 5தான், கிளைகள் சேர்ந்தால் அதற்கு மேல்தான். ஆள் கூடினால் குறைவது பொய்யின் அளவு. 60 பேரில் தற்செயலாக 28 மில்லி விநாடி வரும், 6,000 பேரில் தற்செயல் மூன்று மில்லி விநாடிக்கு மேல் கொண்டுவராது. சிறிய பொய்யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற அளவில் ராஜா சரி.

பூன்லே ராஜா | 4 மார்ச், இரவு 9.51

அந்த அளவுக்குச் சரின்னா எனக்குப் போதும். ஆனா 16 வழின்னா 0.05-ஐ 16-ஆல வகுத்துடலாமே, 0.003. பான்ஃபெரோனி. முடிஞ்சுது கதை.

மேற்பார்வையாளர் | 5 மார்ச், காலை 6.55

16 என்ற எண் எங்கிருந்து வந்தது? நான் சொல்லவில்லையே. ஆனாலும் இருக்கட்டும், கிட்டத்தட்ட அதுதான் வரப்போகிறது.

பான்ஃபெரோனி இங்கே தேவைக்கு மேல் கடுமை. ஒரே 60 பேர், ஒரே விசை அழுத்தங்கள், நீண்ட விடையை எங்கே வெட்டுவது என்பது மட்டும் மாறுகிறது. ஒரு வழியில் 0.03 வந்தால் பக்கத்து வழியில் 0.05 வரும். ஒட்டிப் பிறந்த வழிகள், தனித்தனிச் சோதனைகள் இல்லை. 16 தனிச் சோதனை என்று கணக்கிட்டால் குறைந்தது ஒன்றாவது தவறாகத் தேறும் வாய்ப்பு 56 விழுக்காடு என்று வரும். இங்கே அவ்வளவு இருக்காது.

எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை, கயல். உன் தரவிலேயே எண்ணிப் பார்க்கலாம். யார் தமிழ், யார் ஆங்கிலம் என்ற சீட்டை மட்டும் கலைத்துவிடு. விடைகளும் வயதும் அப்படியே இருக்கட்டும். கலைத்த பிறகு உண்மையான வித்தியாசம் இருக்கவே முடியாது. அந்தப் பொய்த் தரவில் உன் எல்லா வழிகளையும் ஓட்டி, வந்ததிலேயே சிறிய பி-மதிப்பைக் குறித்துக்கொள். 5,000 முறை செய்.

```r
set.seed(65)
minp <- function(d) {
  ys <- list(d$raw, d$sd25, d$fixed, d$log)
  min(sapply(ys, function(v) c(
    t.test(v ~ d$grp)$p.value,
    summary(lm(v ~ grp + age, d))$coefficients[2, 4])))
}
obs  <- minp(d)
perm <- replicate(5000, {
  e <- d; e$grp <- sample(e$grp); minp(e) })
mean(perm < 0.05)
mean(perm <= obs)
```

தரவில் நான்கு நெடுவரிசைகள்: எதையும் நீக்காதது, 2.5 திட்ட விலக்கம், 200-க்குக் கீழும் 2000-க்கு மேலும் வெட்டியது, மடக்கை எடுத்தது. ஒவ்வொன்றும் வயதோடும் வயதில்லாமலும். மொத்தம் எட்டு வழி. கடைசிக்கு முந்திய வரி உன் செயல்முறையின் உண்மையான பொய் நேர்மறை விகிதம். கடைசி வரி, இத்தனை வழி இருந்ததற்கு விலை கொடுத்த பிறகு உன் பி-மதிப்பு.

கயல் | 5 மார்ச், மாலை 6.30

முடிவு: 0.11, 0.08.

சிறிய பி-மதிப்பு 0.034-ஏதான், அதாவது எட்டில் மிகச் சாதகமானதையே எழுதியிருக்கிறேன். அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். தன் குழுவின் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கத்துக்கு அப்பால் தடுமாற்றம் இருந்த இரண்டு பேரை நீக்கியும் ஒருமுறை ஓட்டினேன். 0.06 வந்தது, அதனால் அதை விட்டுவிட்டேன். பயன்படுத்தாததால் கணக்கில் வராதுதானே?

மேற்பார்வையாளர் | 5 மார்ச், மாலை 6.41

0.04 வந்திருந்தால்?

கயல் | 5 மார்ச், மாலை 6.43

சரி. வரும்.

எண்காரர் | 5 மார்ச், இரவு 7.30

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, மேடம் கொடுத்த நிரலை அப்படியே நீட்டினால் விழுந்துவிடுவீர்கள். "தன் குழுவின் சராசரியிலிருந்து" என்று கயல் எழுதியதைப் பாருங்கள். அந்த நீக்கத்தை முன்பே செய்து ஒரு நெடுவரிசையாக வைத்துவிட்டுப் பிறகு சீட்டைக் கலைத்தால், நீக்கம் பழைய குழுவின்படி நடந்திருக்கும், கலைப்பு அதை அறியாது. ஒவ்வொரு கலைப்புக்குப் பிறகும் புதிய குழுவின்படி நீக்க வேண்டும்.

குழுவாரியாக ஆளை நீக்குவது தனியாகவே தவறு. தற்செயலாக ஒரு குழு சற்று மேலே, இன்னொன்று சற்றுக் கீழே விழுந்தது என்று வையுங்கள். மேல் குழுவில் உயரத்தில் இருப்பவர் தன் குழுச் சராசரிக்கு அருகில் இருப்பதால் தப்பிவிடுவார். அதே குழுவில் தாழ்ந்திருப்பவர், வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டிருந்தவர், வெளியேறுவார். கீழ்க் குழுவில் இதன் தலைகீழ். இரண்டு பக்கமும் இடைவெளி விரிகிறது, சிதறல் சுருங்குகிறது. எல்லாரையும் ஒரே கூட்டமாக வைத்து, யார் எந்தக் குழு என்று தெரியாமல் நீக்கினால் இந்தக் கோளாறு வராது.

மேற்பார்வையாளர் | 5 மார்ச், இரவு 7.52

சரியான திருத்தம். நான் நெடுவரிசைகளை வெளியே கணக்கிட்டது விடை அளவிலான வெட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏனென்றால் அது ஆள்வாரியாக நடக்கிறது, குழுவைத் தொடுவதில்லை. ஆள் நீக்கத்துக்கு இதை minp-க்குள் சேர்:

```r
trim <- function(v, g) {
  z <- ave(v, g, FUN = function(x)
    abs(x - mean(x)) / sd(x))
  ifelse(z > 2.5, NA, v)
}
# minp உள்ளே, ys வரிக்குக் கீழே:
ys <- c(ys, lapply(ys, trim, g = d$grp))
```

இப்போது 16 வழி. ராஜா, உங்களுக்கு 4டி-யில் எண் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

40 பேரில் எட்டிப் பார்த்ததையும் சேர்க்க வேண்டும். பங்கேற்பாளர்கள் வந்த வரிசையில் தரவை அடுக்கி, ஒவ்வொரு கலைப்பிலும் முதல் 40 பேரில் ஒருமுறை, 60 பேரில் ஒருமுறை minp எடுத்து, இரண்டில் சிறியதை வைத்துக்கொள். ஒரு எச்சரிக்கை: முதல் 40-இல் 20:20, அடுத்த 20-இல் 10:10 என்று பிரித்திருந்தாய். ஆகவே கலைப்பதும் அந்தந்தத் தொகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

கயல் | 6 மார்ச், இரவு 10.15

16 வழி: பொய் நேர்மறை 0.14, திருத்திய பி 0.10. (ஆள் நீக்கத்தோடு வயதும் சேர்த்தால் 0.041 வந்தது, ஆகவே சிறியது இன்னும் 0.034-ஏ.)
இரண்டு பார்வையும் சேர்த்து, 32 வழி: 0.19, திருத்தியது 0.14.

என் 5 விழுக்காட்டுச் சோதனை 19 விழுக்காட்டுச் சோதனை. ஐந்தில் ஒன்று. நான் "ஆறாகும் ஏழாகும்" என்று எழுதியதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தோ பாயோ மாமா | 6 மார்ச், இரவு 10.21

"5 ஆறாகும், ஏழாகும்."

மேற்பார்வையாளர் | 7 மார்ச், காலை 8.05

19 அதிகம் என்று தோன்றினால் ஒப்பிட ஒன்று. 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இதேபோல் பொய்த் தரவில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு அளவுகளில் சாதகமானதை எடுப்பது மட்டும் இருந்தால் 9.5 விழுக்காடு. குழுவுக்கு 20 பேரில் பார்த்துவிட்டு, வராவிட்டால் பத்துப் பேர் கூட்டுவது (உன் கதையேதான்) மட்டும் இருந்தால் 7.7. பாலினத்தைச் சேர்க்கலாமா வேண்டாமா என்பது மட்டும் 11.7. மூன்று குழுவில் ஒன்றை விட்டுவிடலாம் என்பது மட்டும் 12.6. நான்கும் சேர்ந்தால் 60.7.

எண்காரர் சொன்ன 8.3-க்கும் இந்த 7.7-க்கும் முரண் இல்லை. அவருடையதில் இரண்டாம் பார்வைக்குள் தரவு இரட்டிப்பாகிறது. இங்கே இரண்டாம் பார்வையில் மூன்றில் இரண்டு பங்கு பழைய ஆட்களே, அதனால் இரண்டு முடிவும் அதிகம் ஒட்டியிருக்கின்றன.

அவர்கள் வேடிக்கையாக ஒரு நிஜ ஆய்வும் செய்தார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் வயது, வேறு இசை கேட்டவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது, பி 0.040. பாட்டுக் கேட்டு இளமையானார்கள் என்று அர்த்தம்! வழி: அப்பாவின் வயதைக் கோவேரியட்டாக, அதாவது ஈடுகட்டும் மாறியாக, சேர்த்தார்கள், அவ்வப்போது பார்த்துக்கொண்டே ஆள் சேர்த்தார்கள். வெளியிட்ட எண் ஒவ்வொன்றும் நிஜம்.

கயல் | 7 மார்ச், மதியம் 12.50

அப்பாவின் வயது கேலிக்கூத்து. என் வயதுக் கோவேரியட் அப்படியில்லையே? கவனக் கட்டுப்பாடு வயதோடு மாறும் என்பது தெரிந்த விஷயம்.

மேற்பார்வையாளர் | 7 மார்ச், இரவு 9.30

இதற்கு மட்டும் விரிவாக, ஏனென்றால் உன் 0.09 இங்கேதான் 0.034 ஆனது.

குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வில் கோவேரியட் செய்யும் நியாயமான வேலை ஒன்றுதான்: சிதறலைக் குறைத்துத் திட்டப் பிழையைச் சிறிதாக்குவது. எவ்வளவு குறைக்கும் என்பது அளவோடு அதற்குள்ள ஒட்டுறவைப் பொறுத்தது. ஒட்டுறவு 0.3 என்றால் சிதறலின் வர்க்கத்தில் 9 விழுக்காடு போகும், திட்டப் பிழை 5 விழுக்காடுகூடக் குறையாது. அவ்வளவு சிறிய உதவியால் 0.09 எழுந்து 0.034-க்குப் போகாது.

உன் வெளியீட்டில் இரண்டு வரியை அருகருகே வை. வயதில்லாமல்: வித்தியாசம் 22, திட்டப் பிழை 12.9. வயதோடு: வித்தியாசம் 28, திட்டப் பிழை 12.9. பிழை அசையவே இல்லை. நகர்ந்தது வித்தியாசம். அதாவது வயது துல்லியத்தைக் கூட்டவில்லை. இரண்டு குழுவுக்கும் தற்செயலாக வயதுச் சராசரி வேறாக விழுந்திருக்கிறது, அதை ஈடுகட்டியதில் எண் உனக்குச் சாதகமாக நகர்ந்தது. பாதகமாக நகர்ந்திருந்தால் வயது இந்த அதிகாரத்துக்குள் வந்திருக்குமா?

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று வேறு. இங்கே இளநிலை வகுப்பில் ஆண்கள் தேசிய சேவை முடித்து வருகிறார்கள், ஒரே வகுப்புப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு வயது மூத்தவர்கள். 19 முதல் 25 வரை உள்ள கூட்டத்தில் 'வயது' என்று நீ எழுதியது பெருமளவு பாலினம். உன் கோட்பாடு முதுமைக்குப் போகும் வயதைப் பற்றியது, உன் எண்ணிக்கை யார் ராணுவத்துக்குப் போய்வந்தார் என்பதைப் பற்றியது. வயதைச் சேர்க்கக் காரணம் சொன்னது போலவே பாலினத்தைச் சேர்க்கவும், இரண்டையும் சேர்க்கவும், எதையும் சேர்க்காதிருக்கவும் நல்ல காரணம் சொல்லலாம். எல்லாப் பக்கமும் காரணம் கிடைக்கிறது என்றால் காரணம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

கயல் | 7 மார்ச், இரவு 10.12

எந்தக் குழுவில் ஆண்கள் அதிகம் என்று இப்போதுதான் பார்த்தேன். தமிழ்க் குழுவில் 11, ஆங்கிலக் குழுவில் 17. அதுவேதான்.

பூன்லே ராஜா | 8 மார்ச், காலை 11.00

எதுக்கு இத்தனை பாடு. பி-மதிப்பை விட்டுட்டு, இரண்டு கருதுகோள்ல தரவு எதுக்கு எத்தனை மடங்கு பொருந்துதுன்னு சொல்ற பேய்ஸ் காரணிக்கு மாறிடுங்க, அதுக்கு எட்டிப் பார்த்தா பாதிப்பே இல்லை.

எண்காரர் | 8 மார்ச், காலை 11.40

எட்டிப் பார்ப்பது அதன் பொருளைக் கெடுக்காது என்பதில் ஒரு வாதம் இருக்கிறது, எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் எந்த ஆளை நீக்குவது, வயது வேண்டுமா என்பதைத் தரவைப் பார்த்துத் தேர்ந்தால் பேய்ஸ் காரணியும் அப்படியே வீங்கும்.

மேற்பார்வையாளர் | 8 மார்ச், மாலை 4.20

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். அதிகாரத்தைக் கழிக்க வேண்டாம். 16 வழியையும் ஒரே அட்டவணையில் போடு, இரண்டு பார்வையையும் சொல், திருத்திய 0.14-ஐத் தலைப்பு முடிவாக வை. இதிலிருந்து எதையும் நிரூபித்ததாகச் சொல்லாதே.

அடுத்து ஒரு புதிய ஆய்வு, முன்பதிவு செய்து, அதாவது எப்படிப் பகுப்பாய்வு செய்வாய் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிந்துவிட்டு. ஆள் எண்ணிக்கையை 28-ஐ வைத்துக் கணக்கிடாதே, அது பொறுக்கப்பட்ட எண், வீங்கியிருக்கும். வயதில்லாத 22-ஐ எடுத்தால், சிதறல் 50, விளைவு 0.44 திட்ட விலக்கம், உண்மையான விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு, அதாவது திறன், 80 விழுக்காடாக இருக்கக் குழுவுக்கு 82 பேர். அதுவும் நம்பிக்கையான கணக்குத்தான். 0.3 என்று வைத்தால் குழுவுக்கு ஏறத்தாழ 175.

முன்பதிவில் எல்லாரும் தவறவிடுவது ஒரு வரி. "2.5 திட்ட விலக்கத்துக்கு அப்பால் நீக்கப்படும்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சராசரியா, ஆளுக்குள் முரண்படும் சொற்களுக்கும் முரண்படாத சொற்களுக்கும் தனித்தனிச் சராசரியா? தவறான விடைகளை முதலில் எடுத்துவிட்டா, பிறகா? ஒருமுறை வெட்டுவதா, வெட்டிய பிறகு திரும்பக் கணக்கிட்டு மறுபடி வெட்டுவதா? ஒற்றை வரிக்குள் எட்டு வழி ஒளிந்திருக்கிறது. வரியாக எழுதாதே, நிரலையே பதிவேற்று. பொய்த் தரவில் ஓடிக் காட்டும் நிரல்.

கயல் | 9 மார்ச், இரவு 8.45

இப்படி எழுதினேன், பாருங்கள்:

"தவறான விடைகள் முதலில் நீக்கப்படும். பிறகு 200 மில்லி விநாடிக்குக் குறைந்தவையும் 2000-க்கு மேற்பட்டவையும் நீக்கப்படும், ஒருமுறை மட்டும். சரியான விடை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்கள் விலக்கப்படுவர். விலக்குபவருக்குக் குழு தெரியாது. கோவேரியட் இல்லை. குழுவுக்கு 82 பேர், முடியும்வரை குழுவாரியாகப் பார்க்கப்படாது. ஒரே சோதனை: சமமற்ற சிதறலை ஏற்கும் டி-டெஸ்ட், இரு பக்கமும்."

திட்ட விலக்கத்தையே விட்டுவிட்டேன். நிலையான எண் என்றால் கேள்வியே எழாது.

மேற்பார்வையாளர் | 9 மார்ச், இரவு 9.10

நன்று. ஒரு ஓட்டை: விலக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக ஆள் சேர்ப்பாயா? 82 என்பது வந்தவர்களா, மிஞ்சியவர்களா? அதை எழுது. கோவேரியட் இல்லை என்பதில் எனக்கு இன்னும் தயக்கம். முதலிலேயே உறுதி செய்து, பாலினவாரியாகக் குலுக்கிப் பிரித்து, பாலினத்தைச் சேர்த்தால் தவறில்லை, கொஞ்சம் லாபம்கூட.

எண்காரர் | 9 மார்ச், இரவு 9.35

நான் சேர்ப்பேன். எங்கள் துறையில் பிரிக்கப் பயன்படுத்தியதைப் பகுப்பாய்விலும் சேர்ப்பது வழக்கம்.

கயல் | 9 மார்ச், இரவு 9.58

இன்னொரு சந்தேகம். எல்லாம் முன்பதிவு செய்து முடித்த பிறகு, இதழின் மதிப்பீட்டாளர் "வயதைச் சேர்த்துக் காட்டுங்கள்" என்றால்? அது என் கிளையா, அவருடைய கிளையா? அவர் முடிவைப் பார்த்த பிறகுதானே கேட்கிறார்.

மேற்பார்வையாளர் | 9 மார்ச், இரவு 10.30

அவருடையது. ஆனால் பொய் நேர்மறைக்கு யாருடையது என்ற அக்கறை இல்லை. பின்னிணைப்பில் போட்டு, கேட்டதால் செய்தோம் என்று எழுதுவேன்.

எண்காரர் | 9 மார்ச், இரவு 10.41

அதில் ஒத்துப்போக மாட்டேன். முதன்மை முடிவு அசையாமல் நிற்கும்போது அந்தக் கேள்வியால் பொய் நேர்மறை கூடுவதில்லை. அவர் கேட்டதை வைத்து முதன்மை முடிவையே மாற்றி எழுதச் சொன்னால்தான் கூடும். அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

தோ பாயோ மாமா | 9 மார்ச், இரவு 10.44

குலுக்கல் முடிஞ்ச பிறகு கடைக்காரரே வந்து "நம்பரை மாத்திக்கிறீங்களா" என்று கேட்பது மாதிரியா?

கயல் | 10 மார்ச், காலை 7.20

மாமா, அதை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் போட மேடம் விடமாட்டார்.

82 என்பது மிஞ்சியவர்கள் என்று திருத்திவிட்டேன். விலக்கப்பட்டவரின் இடத்துக்கு அதே பாலினத்தில் அடுத்தவர். பாலினவாரிக் குலுக்கலும் சேர்த்தாயிற்று. நெறிமுறைக் குழுவுக்கு 164 என்று போடுவதா, விலக்கலுக்கு இடம் விட்டு 180 என்று போடுவதா என்பது மட்டும் பாக்கி.